நிறுத்தப்பட்ட தொடருக்கு ரசிகர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

1969 ஜூன் 3-ஆம் தேதி, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஸ்டார் ட்ரெக் தொடரின் கடைசி எபிசோடு ஓடி முடிந்தது. மூன்று சீசன்கள், மொத்தம் 79 எபிசோடுகள். பார்ப்பவர்கள் போதவில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். ஆறேழு வாரம் கழித்து, ஜூலை 20-ஆம் தேதி மனிதன் நிலவில் இறங்கினான். விண்வெளியில் பயணம் போகும் கப்பலைப் பற்றிய தொடர், உலகமே விண்வெளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்தக் கோடையில் கைவிடப்பட்டிருந்தது.

இரண்டரை வருடம் தள்ளிப் பாருங்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கின் ஸ்டாட்லர் ஹில்டன் ஹோட்டலில் இந்தத் தொடருக்காகவே ஒரு மாநாடு நடந்தது. ஐந்நூறு பேர் வரலாம் என்று எதிர்பார்த்தார்கள். மூவாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். இந்த இரண்டரை வருடத்தில் தொடரின் ஒரு புது எபிசோடுகூட எடுக்கப்படவில்லை. அப்படியென்றால் இந்தக் கூட்டம் எப்படிச் சேர்ந்தது?

இப்படி, வந்தபோது கவனிக்கப்படாமல் போய், பிறகு தீவிரமான ரசிகர்களைச் சேர்த்துக்கொள்ளும் படைப்பைக் ‘கல்ட்’ என்கிறோம். இதற்குப் பலரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: நல்ல படைப்பு எப்படியும் ஒருநாள் கண்டுகொள்ளப்படும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நல்லதாக இருந்தும் யாருக்கும் நினைவில்லாமல் போன தொடர்கள் ஏராளம். கல்ட் ரசிகர் வட்டம் உருவாவதற்குச் சில நடைமுறைக் காரணங்கள் கூடிவர வேண்டும். ஸ்டார் ட்ரெக்கில் அவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததைத் தெளிவாகப் பார்க்க முடியும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், அது ஏன் தோற்றது? அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு தொடரின் தலைவிதியைத் தீர்மானித்தது நீல்சன் நிறுவனத்தின் கணக்கு. நாடு முழுவதும் சுமார் 1,200 வீடுகளில் கருவி பொருத்தி, எந்த வீட்டில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று பதிவு செய்வார்கள். இந்தக் கணக்கில் எல்லா வீடும் சமம். ஒரு வீட்டில் டிவி சும்மா ஓடிக்கொண்டிருக்கலாம். இன்னொரு வீட்டில் ஒரு கல்லூரி மாணவி வாரம் முழுக்கக் காத்திருந்து, அந்த ஒரு மணி நேரம் யாரையும் பேசவிடாமல் பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான். எத்தனை வீடு என்பது தெரியும், எவ்வளவு ஆழமாகப் பார்த்தார்கள் என்பது தெரியாது. ஸ்டார் ட்ரெக்கைப் பார்த்தவர்கள் குறைவுதான், அதில் ஒளிவுமறைவில்லை. ஆனால் அந்தக் குறைந்த பேரில் நிறையப் பேர் அந்த மாணவியைப் போன்றவர்கள். கல்ட் ஆகப்போகும் எந்தத் தொடரிலும் ஆரம்பத்தில் இப்படி ஒரு சிறிய கூட்டம் இருக்கும். அது போதாது, ஆனால் அது இல்லாமலும் முடியாது.

அந்தக் கூட்டம் என்ன செய்தது என்பது பிரபலமான கதை. 1967 முடியும்போது, இரண்டாவது சீசனோடு தொடர் நிறுத்தப்படலாம் என்று பேச்சு வந்தது. அறிவியல் புனைவு வாசகர்களான பீஜோ ட்ரிம்பிள், ஜான் ட்ரிம்பிள் என்ற தம்பதி கடிதப் போராட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி பின்னாலிருந்து உதவினார். அறிவியல் புனைவு மாநாடுகளுக்கு வருபவர்களின் முகவரிப் பட்டியல்கள் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. ஒவ்வொருவரும் தான் எழுதுவதோடு இன்னும் பத்துப் பேரை எழுதச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. எல்லாரும் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பக் கூடாது, சொந்த வார்த்தையில், மரியாதையாக எழுத வேண்டும் என்பதிலும் கண்டிப்பாக இருந்தார்கள். அச்சடித்த கடிதம் ஆயிரம் வந்தாலும் அதைக் குப்பைக்கு அனுப்புவது சுலபம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கலிஃபோர்னியாவில் கால்டெக் என்ற தொழில்நுட்பக் கல்விநிலையத்தின் மாணவர்கள் என்பிசி அலுவலகத்துக்கு ஊர்வலமே போனார்கள்.

ஒரு லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் வந்ததாக என்பிசி தரப்பே சொன்னது. 1968 மார்ச் 1-ஆம் தேதி, அன்றைய எபிசோடு முடிந்ததும், தொடர் தொடரும் என்று சேனல் ஒளிபரப்பிலேயே அறிவித்தது.

ரசிகர்கள் தொடரைக் காப்பாற்றிய கதை என்று இதோடு முடித்துவிடுவது வழக்கம். ஆனால் காப்பாற்றியது ஒரே ஒரு வருடத்துக்குத்தான். அதுவும் கௌரவமாக இல்லை. மூன்றாவது சீசனுக்கு முதலில் திங்கட்கிழமை மாலை நல்ல நேரம் தருவதாகப் பேச்சு. பிறகு அது வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளப்பட்டது. இந்தத் தொடரை விரும்பிப் பார்த்த இளைஞர்கள் வெள்ளி இரவு பத்து மணிக்கு வெளியே சுற்றிக்கொண்டிருப்பார்கள். ராடன்பெரி அன்றாடத் தயாரிப்பிலிருந்து விலகிக்கொண்டார். செலவும் குறைக்கப்பட்டது. மூன்றாவது சீசன் பலவீனமானது என்று ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். அந்த வருடத்தோடு கதை முடிந்தது.

சரி, அப்போது அந்த ஒரு லட்சம் கடிதத்தால் கிடைத்த பலன் என்ன? 24 எபிசோடுகள். இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஸ்டார் ட்ரெக்கின் எதிர்காலத்தைத் தீர்மானித்ததே இந்த எண்தான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு தொடர் பெரிய சேனலில் ஓடி முடிந்தபின், அதன் மறுஒளிபரப்பு உரிமையை ஊருக்கு ஊர் உள்ள சிறு நிலையங்களுக்கு விற்பார்கள். சிண்டிகேஷன் என்று இதற்குப் பெயர். சிறு நிலையங்கள் வாரம் ஒரு எபிசோடு போட மாட்டார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் ஒரே நேரத்தில் போடுவார்கள். அப்படிப் போட எபிசோடுகள் நிறைய வேண்டும். நூறு இருந்தால் வசதி என்பது தொழிலில் சொல்லப்படும் கணக்கு. ஸ்டார் ட்ரெக்கின் முதல் சீசனில் 29, இரண்டாவதில் 26. ஆக 55. தினமும் போட்டால் 11 வாரத்தில் தீர்ந்துவிடும். வருடத்துக்கு ஐந்து முறை அதையே திரும்பப் போட எந்த நிலையம் காசு கொடுக்கும்? மூன்றாவது சீசனின் 24 சேர்ந்ததும் 79 ஆனது. கிட்டத்தட்ட 16 வாரம் வரும். நூறு இல்லைதான், ஆனால் விற்க முடிகிற சரக்கு. பலவீனமான சீசன் என்று எல்லாரும் குறை சொல்லும் அந்த 24 எபிசோடுகள் இல்லாவிட்டால், மற்ற 55-ம் கிடங்கில் தூங்கியிருக்கும்.

வாங்கியவர்களில் முக்கியமானது கைசர் பிராட்காஸ்டிங் என்ற நிறுவனம். பெரிய சேனல்களோடு சேராத நிலையங்களைப் பல நகரங்களில் வைத்திருந்தது. 1967-லேயே உரிமையைப் பேசி வைத்திருந்த இந்த நிறுவனம் செய்தது எளிமையான, ஆனால் கெட்டிக்காரத்தனமான காரியம். மாலை ஆறு மணிக்கு மற்ற நிலையங்கள் எல்லாம் செய்தி போடும். இளைஞர்கள் செய்தி பார்ப்பது குறைவு. அந்த நேரத்தில் ஸ்டார் ட்ரெக்கைப் போட்டார்கள். வெள்ளி இரவு பத்து மணிக்கு யாரை இழந்ததோ, அதே கூட்டம் மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருந்தது. பள்ளி, கல்லூரி விட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரம். நிறைய வீடுகளுக்குக் கலர் டிவி வந்ததும் இந்தக் காலத்தில்தான். முதல் ஓட்டத்தில் கறுப்பு வெள்ளையில் பார்த்தவர்களுக்குக்கூட அந்தச் சிவப்பு, நீல, மஞ்சள் சட்டைகள் இப்போதுதான் கண்ணில் பட்டன. 1972-க்குள் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுஒளிபரப்பு பார்ப்பவர்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டவில்லை, பார்க்கும் விதத்தையும் மாற்றியது. வாரம் ஒருமுறை, ஒரே ஒரு தடவை பார்க்கும்போது கதைதான் மனதில் நிற்கும். அடுத்து என்ன ஆகும் என்பதே முழுக் கவனமும். தினமும் பார்த்து, நான்கு மாதத்தில் அதே எபிசோடு திரும்பி வரும்போது முடிவு ஏற்கெனவே தெரியும். அப்புறம் கவனம் வேறு பக்கம் போகும். கப்பலின் அதிகாரிகளில் ஒருவரான, வேற்றுக்கிரகத்தைச் சேர்ந்த ஸ்பாக் எந்த இடத்தில் புருவத்தை உயர்த்துகிறார், கப்பலில் எந்தத் தளத்தில் எந்த அறை இருக்கிறது, முன்பு ஒரு எபிசோடில் சொன்ன விஷயத்தோடு இது முரண்படுகிறதா என்று தேடத் தொடங்குவார்கள். தொடரை எடுத்தவர்களே யோசிக்காத கேள்விகள் ரசிகர்களுக்கு வரும். மூன்றாவது முறை பார்ப்பவர் ஒரு வகையில் ஆய்வாளர். இந்த இடத்தில்தான் சாதாரணப் பார்வையாளர் கல்ட் ரசிகராகிறார் என்பது என் எண்ணம்.

ஸ்டார் ட்ரெக் இதற்கு ஏற்ற அமைப்பில் இருந்தது. ஒவ்வொரு எபிசோடும் தனிக் கதை. நடுவில் எங்கே நுழைந்தாலும் புரியும். புதிதாக வருபவரை அது வாசலில் நிறுத்தவில்லை. அதேசமயம் எல்லாம் நடப்பது ஒரே உலகத்தில். அந்த உலகத்தில் 430 பேர் உள்ள ஒரு கப்பல் இருக்கிறது, நமக்குத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். ஸ்பாக்கின் கிரகமான வல்கனைப் பற்றி அங்கங்கே ஒரு வரி வரும், முழு விவரம் வராது. பாதி சொல்லி விட்ட இந்த இடங்களை ரசிகர்கள் நிரப்பத் தொடங்கினார்கள்.

நிரப்பியது கையெழுத்துப் பத்திரிகை பாணியில். 1967-லேயே, தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்பாக்கனேலியா என்ற ரசிகர் பத்திரிகை வந்துவிட்டது. தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் எடுத்து, தபாலில் அனுப்புவார்கள். வல்கன் மக்களின் உடலியல் பற்றிக் கட்டுரை, தொடரில் இல்லாத புதுக் கதை, கவிதை, ஓவியம், வாசகர் கடிதம் எல்லாம் அதில் உண்டு. நடத்தியவர்களும் எழுதியவர்களும் பெரும்பாலும் பெண்கள். ஸ்டார் ட்ரெக் ரசிகர் என்றதும் கண்ணாடி போட்ட பையனைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அந்த வட்டத்தைக் கட்டியெழுப்பிய பெண்களின் பெயர்கள் இன்னும் பரவலாகத் தெரியவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. பீஜோ ட்ரிம்பிள் பின்னர் ஒவ்வொரு எபிசோடிலும் வரும் பெயர், ஊர், கருவி எல்லாவற்றையும் அகர வரிசையில் தொகுத்த கையேட்டை வெளியிட்டார். வீடியோ டேப் வீடுகளுக்கு வராத காலம் அது. ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால், அந்த எபிசோடு மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது அந்தக் கையேட்டைப் புரட்ட வேண்டும்.

இப்போது 1972 மாநாட்டுக்குத் திரும்பலாம். வந்த மூவாயிரம் பேர் ஒரே நாளில் உருவாகவில்லை. ஒவ்வொருவரும் தன் ஊரில், தன் வீட்டு டிவி முன்னால், இது தனக்கு மட்டுமான பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள். எபிசோடுகளைத் திரையிட்டார்கள், நாசா தன் கண்காட்சியை அனுப்பியது, எழுத்தாளர் ஐசக் அசிமோவ் வந்து பேசினார். ஆனால் அன்றைக்கு நடந்த பெரிய விஷயம், தன்னைப் போல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வந்ததுதான். அதன்பின் மாநாடுகள் மற்ற ஊர்களுக்கும் பரவின. 1976-ல் அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்குக் ‘கான்ஸ்டிட்யூஷன்’ என்று பெயர் வைக்க இருந்தார்கள். ரசிகர்கள் மறுபடி கடிதம் எழுதி, தொடரில் வரும் கப்பலின் பெயரான ‘என்டர்பிரைஸ்’ என்று மாற்ற வைத்தார்கள். 1979 டிசம்பரில் முதல் திரைப்படம் வந்தது. நிறுத்தப்பட்டு பத்து வருடம் கழித்து.

ஒரு தொடருக்கு உண்மையிலேயே கல்ட் வட்டம் இருக்கிறதா, வெறும் பழைய நினைவா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது ஒன்றைத்தான். நிறுத்தப்பட்ட பிறகு புதிதாக வந்தவர்கள் இருக்கிறார்களா? முதலில் பார்த்த அதே ஆட்கள் மட்டும் வருடா வருடம் ஏங்கிக்கொண்டிருந்தால், அது வயதாகி, சுருங்கிப் போகும் கூட்டம். ஸ்டார் ட்ரெக் மாநாடுகளை நிரப்பியவர்களில் பலர் அதை மறுஒளிபரப்பில் தெரிந்துகொண்டவர்கள்.

இந்த வழிமுறை எங்கே தடுக்கி விழும் என்று பார்க்க ஃபயர்ஃப்ளை நல்ல உதாரணம். இதுவும் விண்வெளித் தொடர்தான், 2002-ல் ஃபாக்ஸ் சேனலில் வந்தது. கதையின் தொடக்கமாக எடுத்த இரண்டு மணி நேர எபிசோடு சேனலுக்குப் பிடிக்கவில்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறொன்றை முதலில் போட்டார்கள். யார் யார், இந்தக் கப்பலுக்கு எப்படி வந்தார்கள் என்று சொல்லும் அந்தத் தொடக்க எபிசோடு டிசம்பர் 20-ஆம் தேதி, ஒளிபரப்பின் கடைசி நாளில்தான் வந்தது! எடுத்தது 14, ஒளிபரப்பானது 11. வாரத்துக்குச் சராசரியாக 47 லட்சம் பேர் பார்த்தார்கள். அமெரிக்கச் சேனலுக்கு அன்று அது போதாது.

பதினான்கை வைத்துக்கொண்டு சிண்டிகேஷனில் மூன்று வாரம்கூட ஓட்ட முடியாது. ஸ்டார் ட்ரெக்கின் வழி இதற்கு அடைபட்டுவிட்டது. ஆனால் 2003-க்குள் டிவிடி வந்திருந்தது. அந்த வருட டிசம்பரில் 14 எபிசோடுகளும் சரியான வரிசையில் ஒரே பெட்டியாக வெளிவந்தன. சிண்டிகேஷனுக்குப் போதாத எண்ணிக்கை டிவிடிக்கு மிகவும் பொருத்தம். ஒரு வார இறுதியில் பார்த்து முடித்துவிடலாம். முடித்ததும் நண்பரின் கையில் கொடுத்து, இதைப் பார் என்று சொல்லலாம். அதுவரை தொடரைக் கேள்விப்படாதவர்கள் நிறையப் பேர் இந்தப் பெட்டி வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். விற்பனை எதிர்பார்த்ததைத் தாண்டியது. அதைப் பார்த்து யுனிவர்சல் நிறுவனம் கதையைத் திரைப்படமாக எடுக்கப் பணம் போட்டது. 2005 செப்டம்பர் கடைசியில் ‘செரினிட்டி’ வெளியானது.

செலவு சுமார் 3.9 கோடி டாலர். உலகம் முழுக்க வசூல் 4 கோடி டாலரை ஒட்டி. அதில் அமெரிக்க வசூல் சுமார் 2.5 கோடி. அன்றைய சராசரி டிக்கெட் விலை ஆறரை டாலருக்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால் நாற்பது லட்சம் டிக்கெட். திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த ரசிகர்களையும் சேர்த்தே இந்த எண்ணிக்கை. டிவியில் போதாது என்று கைவிடப்பட்ட கூட்டத்தின் அளவைவிட இது அதிகமில்லை. ரசிகர்கள் படம் வெளியாகும் முன்பே சிறப்புக் காட்சிகளை நிரப்பினார்கள், தாங்களே விளம்பரம் செய்தார்கள். அந்த உற்சாகத்தை வைத்துக் கூட்டம் மிகப் பெரியது என்று கணக்குப் போட்டதுதான் தவறு. ஒருவர் பத்துப் பேரின் சத்தம் போடலாம், பத்து டிவிடி வாங்கிப் பரிசளிக்கலாம், ஆனால் திரையரங்கில் அவருக்குப் பத்து இருக்கை தேவைப்படாது. அடுத்த படம் வரவில்லை. ஆனாலும் ரசிகர் வட்டம் கலையவில்லை. வருடந்தோறும் நன்கொடைக்காக அந்தப் படத்தைத் திரையிடும் வழக்கத்தை அவர்கள் பல நகரங்களில் தொடங்கினார்கள்.

கவனித்தால், இரண்டு தொடர்களுக்கும் பொதுவானது ஒன்று. சேனல் கைவிட்ட பிறகும் தொடர் பார்வைக்குக் கிடைத்தது. ஒன்று ஊர் நிலையங்களில், இன்னொன்று வட்டுப் பெட்டியில். இன்று ஓடிடி காலத்தில் இந்த இடம்தான் விசித்திரமாக மாறியிருக்கிறது. மேனிஃபெஸ்ட் என்ற தொடரை 2021 ஜூனில் என்பிசி நிறுத்தியது. அதே நாட்களில் அதன் பழைய சீசன்கள் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்து, ஏராளமானோர் பார்த்து, ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸே இன்னொரு சீசனுக்கு ஒப்புக்கொண்டது. ஸ்டார் ட்ரெக்குக்குப் பத்து வருடம் எடுத்த பயணம் அதற்கு மூன்று மாதத்துக்குள் முடிந்தது.

மறுபக்கம், டிஸ்னியின் ஓடிடியில் 2022 நவம்பரில் வந்த வில்லோ தொடர். அடுத்த வருடம் மார்ச்சில் இனி இல்லை என்று செய்தி வந்தது, மே மாதம் ஓடிடியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். தயாரித்த நிறுவனமே ஒளிபரப்பும் நிறுவனமாகவும் இருந்ததால் வேறு எங்கும் அது ஓடிக்கொண்டிருக்கவில்லை, கடையில் வாங்கவும் வட்டு இல்லை. நீங்கள் விரும்பிய தொடர் ஒன்று பாதியில் நின்றுபோனால், அதற்கு ரசிகர்கள் சேர வாய்ப்பு உண்டா என்பதை மதிப்பிட முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: உரிமை யாரிடம் இருக்கிறது, வேறு இடத்துக்கு விற்க அவர்களுக்குக் காரணம் உண்டா, இன்று முதன்முதலாகக் கேள்விப்படும் ஒருவர் அதை இன்றிரவே எங்காவது பார்க்க முடியுமா.